தரவுத்தள மைக்ரேஷனுக்கு ‘இடப்பெயர்வு’ சரியா?

அருள்மொழி:

அனைவருக்கும் வணக்கம். ஒரு திறமூல மென்பொருளின் நிறுவல் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மைக்ரேஷன் என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். அட்டவணைகளின் அமைப்பை மாற்ற எண் போட்டு வைத்திருக்கும் சின்னச் சின்ன எஸ்கியூஎல் கோப்புகளைச் சொல்கிறேன். முதலில் 1, அப்புறம் 2 என்று வரிசையாக ஓட்டினால் யார் கணினியில் இருக்கும் தரவுத்தளமும் ஒரே அமைப்புக்கு வந்துவிடும். அகராதி ‘இடப்பெயர்வு’ என்கிறது. அதை வைத்து எழுதினால் “ஏழாம் இடப்பெயர்வை ஓட்டவும்” என்று வருகிறது. படித்தால் எனக்கே எங்கோ கிளம்பிப் போவதுபோல் இருக்கிறது. வேறு சொல் கிடைக்குமா?

கண்ணன்:

‘இடப்பெயர்வு’ நல்ல சொல்தானே? நாங்கள் மைஎஸ்கியூஎல்லிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு மாறினோம். தரவையெல்லாம் வெளியே எடுத்து, தேதிப் புலங்களைத் திருத்தி, புதிய இடத்தில் ஏற்றினோம். பூச்சியத் தேதிகளை, அதாவது `0000-00-00` என்று இருந்தவற்றை, போஸ்ட்கிரஸ் ஏற்கவே இல்லை. அவற்றை வெற்று மதிப்பாக மாற்றிய பிறகே வேலை நடந்தது. தரவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனதால் அது இடப்பெயர்வுதான்.

தமயந்தி:

கண்ணன், நீங்கள் செய்ததற்கு அந்தச் சொல் பொருந்தும், அதை அங்கேயே வைத்துக்கொள்வோம். அருள்மொழி கேட்பது வேறு. இதில் தரவு எங்கும் போவதில்லை. அதே தரவுத்தளம், அதே இடம். அட்டவணையின் வடிவம் மட்டும் மாறுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், “இடப்பெயர்வுக்கு முன் பழைய சர்வரை நிறுத்தவும்” என்ற வரியை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல் தேடுவதற்கு முன், அது எதைச் சுமக்க வேண்டும் என்று ஒரு உதாரணத்தில் பார்த்துவிடலாம். உறுப்பினர் அட்டவணையில் தொலைபேசி எண்ணுக்குப் புதுப் புலம் வேண்டும். `V7__add_phone.sql` என்ற கோப்பில் ஒருவர் இப்படி எழுதுகிறார்:

```sql
ALTER TABLE members ADD COLUMN phone VARCHAR(10);
```

இது எல்லா இடத்திலும் ஓடிவிட்டது. பயனர்கள் புழங்கும் உண்மைத் தரவுத்தளத்திலும்தான். பிறகு, நாட்டுக் குறியோடு சேர்த்தால் எண் பத்து இடத்தில் அடங்காது என்று தெரிகிறது. அவர் அதே கோப்பைத் திறந்து 10 என்பதை 15 ஆக்குகிறார். தன் கணினியில் இருந்த தரவுத்தளத்தை அழித்து மறுபடி கட்டுகிறார். அங்கே 15 வந்துவிடுகிறது, சோதனைகள் எல்லாம் பச்சை. உண்மைத் தரவுத்தளத்திலோ ஏழாம் எண் ஏற்கெனவே ஓடியதாகப் பதிவு இருக்கிறது. அதனால் திருத்திய கோப்பு அங்கே மறுபடி ஓடாது. அங்கே புலம் 10 ஆகவே இருக்கும். நீளமான எண்ணை யாராவது பதிந்தால் போஸ்ட்கிரஸ் இப்படிச் சொல்லும்:

```
ERROR: value too long for type character varying(10)
```

போஸ்ட்கிரஸ் இப்படிக் கத்துவதே ஒரு நன்மைதான். கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட மைஎஸ்கியூஎல் எண்ணின் வாலை வெட்டிச் சேமித்து, ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

ஓடிய கோப்பைத் தொடாமல், அடுத்த எண்ணில் புதுக் கோப்பு எழுதுவதுதான் சரியான வழி:

```sql
ALTER TABLE members ALTER COLUMN phone TYPE VARCHAR(15);
```

இது `V8`. இப்போது புதிதாகக் கட்டுகிற தரவுத்தளம் 10 போட்டு உடனே 15 ஆகும். பழையது 10 இலிருந்து 15 ஆகும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆகவே நமக்கு வேண்டிய சொல் மூன்றைச் சொல்ல வேண்டும்: மாற்றம், வரிசையில் ஓரிடம், ஓடியபின் திருத்தக்கூடாது. மூன்றையும் ஒரு சொல்லில் திணிக்க முடியாது. முதல் இரண்டு கிடைத்தாலே போதும். ‘மாற்றப்படி’ என்று நான் முன்மொழிகிறேன். படிப்படியாக ஏறுகிற படி.

முத்துக்குமரன்:

வரிசைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கோப்பையும் எத்தனை முறை ஓட்டினாலும் பிழை வராத மாதிரி எழுதிவிட்டால் எண்ணே தேவையில்லையே. நான் எப்போதும் இப்படித்தான் எழுதுவேன்:

```sql
ALTER TABLE members ADD COLUMN IF NOT EXISTS phone VARCHAR(15);
```

புலம் இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் சேர்க்கும். அப்படியென்றால் வெறும் ‘அமைப்பு மாற்றம்’ போதும். படி, ஏணி எல்லாம் வேண்டாம்.

தமயந்தி:

பிழை வராது என்பது உண்மை. ஆனால் நான் சொன்ன அதே தரவுத்தளத்தில் உங்கள் வரியை ஓட்டிப் பாருங்கள். `phone` என்ற பெயரில் ஒரு புலம் அங்கே இருக்கிறது. அது 10 ஆ 15 ஆ என்று இந்த வரி பார்ப்பதே இல்லை. பெயர் இருக்கிறது, போகலாம் என்று தாண்டிவிடும். பிழையும் வராது, 15 உம் வராது. கோளாறு மறைந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வரிசைக்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு பேர் தனித்தனிக் கிளைகளில் வேலை செய்கிறார்கள். திங்கட்கிழமை ஒருவர் `phone` என்ற பெயரை `mobile` என்று மாற்றும் கோப்பை எழுதுகிறார். செவ்வாய்க்கிழமை இன்னொருவர் `phone` புலத்தில் இருக்கும் இடைவெளிகளை நீக்கும் கோப்பை எழுதுகிறார். செவ்வாய்க் கோப்பு முதலில் இணைக்கப்பட்டு உண்மைத் தரவுத்தளத்தில் ஓடிவிடுகிறது. திங்கள் கோப்பு பிறகு வருகிறது. ரெயில்ஸ் போன்ற கருவிகள் கோப்புப் பெயரில் நேரமுத்திரை வைப்பதால் எண்கள் மோதுவதில்லை. ஓடியவற்றின் பட்டியலில் இல்லாதது எதுவோ அதை ஓட்டிவிடும். அங்கே எல்லாம் நலம். அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர் வெறும் தரவுத்தளத்திலிருந்து தொடங்குகிறார். அவருக்கு நேர வரிசைப்படி திங்கள் முதலில் ஓடும், பிறகு செவ்வாய். `column "phone" does not exist` என்று நின்றுவிடும். கோப்புகள் அதே இரண்டுதான், ஓடிய வரிசை மட்டும் வேறு.

ஃப்ளைவே என்ற மைக்ரேஷன் கருவியில், வரிசை தவறி ஓட்ட அனுமதிக்கும் `outOfOrder` இயல்பாக அணைந்தே இருக்கும். பின்னால் வந்த சின்ன எண்ணைக் கண்டால் அது ஓட்டாமல் நிறுத்தி முறையிடும். பலருக்கு அது எரிச்சல். எனக்கு அந்த எரிச்சல் பிடிக்கும்.

முத்துக்குமரன்:

சரி, நீளம் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையை முழுதாக உருவாக்கும் முதல் கோப்பில் மட்டும் நான் அந்த வழக்கத்தை விடமாட்டேன். அப்புறம், முதலில் சொன்ன திருத்தத்தைக் கருவியே கண்டுபிடித்துவிடாதா? எங்களுக்கு ஒருமுறை “checksum mismatch” என்று ஏதோ வந்த ஞாபகம்.

தமயந்தி:

ஃப்ளைவே கண்டுபிடிக்கும். `flyway_schema_history` என்ற அட்டவணையில் ஓடிய ஒவ்வொரு கோப்புக்கும் எண், பெயர், நேரம் ஆகியவற்றோடு உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணையும் வைத்திருக்கிறது. கோப்பில் ஒரு குறிப்பு வரியைத் திருத்தினாலும் அந்த எண் மாறிவிடும். உடனே “Migration checksum mismatch for migration version 7” என்று நின்றுவிடும். அப்போது `repair` கட்டளையை ஓட்டினால் செய்தி போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போய்விடும்தான். அது பதிவில் உள்ள எண்ணைத்தான் கோப்புக்கு ஏற்ப மாற்றுகிறது. புலம் 10 ஆகவே இருக்கும். மாறியது குறிப்பு வரி மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய அதை ஓட்டாதீர்கள்.

ஜாங்கோவிலும் ரெயில்ஸிலும் இந்தக் காவல் கிடையாது. `django_migrations` அட்டவணை செயலியின் பெயர், கோப்பின் பெயர், ஓடிய நேரம் இவற்றைத்தான் வைத்திருக்கும். ரெயில்ஸின் `schema_migrations` எண்ணை மட்டும் வைத்திருக்கும். உள்ளே எதைத் திருத்தினாலும் அவற்றுக்குத் தெரியாது. ஓடிய கோப்பைத் தொடுவதில்லை என்ற ஒழுங்கை ஆட்கள்தான் காக்க வேண்டும்.

நல்லசிவம்:

நண்பர்களுக்கு வணக்கம். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி பற்றி அதிகம் தெரியாது, ஆனால் தமயந்தி அம்மா சொன்ன செவ்வாய், திங்கள் கதை நன்றாகவே புரிந்தது. ‘மாற்றப்படி’யில் இரண்டு இடர் உண்டு. பயணப்படி, பஞ்சப்படி என்ற வரிசையில் இதைப் படிப்பவர், இடமாற்றலுக்குத் தரும் பணம் என்றே எடுத்துக்கொள்வார். அடுத்து, படி என்றால் நகல் என்றும் பொருள். உங்கள் பேச்சே தரவுத்தளத்தின் பல நகல்களைப் பற்றியது. “ஒவ்வொரு படியிலும் எல்லாப் படிகளும்” என்று எழுத நேர்ந்தால் வாசகர் திண்டாடுவார்.

‘மாற்றநிரல்’ என்று சொல்லிப் பாருங்களேன். நிரல் என்பதை இப்போது கணினிக் கட்டளைத் தொகுப்புக்குச் சொல்கிறீர்கள். அதன் பழைய பொருளே வரிசைதான். நிரல்நிறை என்று அணி இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். மாற்றமும் வரிசையும் தானாகவே வந்துவிடுகின்றன.

அருள்மொழி:

ஐயா, அருமை. உடனே கையேட்டில் போட்டுப் பார்த்தேன். “நிலுவையில் உள்ள மாற்றநிரல்களை வரிசைப்படி ஓட்டவும்.” “ஓடிய மாற்றநிரலைத் திருத்த வேண்டாம். புதிய எண்ணில் இன்னொன்று எழுதவும்.” வாக்கியம் இடறாமல் வருகிறது.

கண்ணன்:

முதலில் நான் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். பள்ளிக் கணக்கில் அணிகளுக்கு நிரை, நிரல் என்றுதானே படித்தோம்? கிடையாக இருப்பது நிரை, செங்குத்தாக இருப்பது நிரல். தரவுத்தள அட்டவணையின் செங்குத்து வரிசைக்கும் சிலர் நிரல் என்றே எழுதுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு மாற்றநிரல் என்பது மாற்றப்பட்ட `phone` புலமாகத் தெரியாதா?

தமயந்தி:

கண்ணன், இது சரியான அடி. நாம் கையேட்டில் புலம் என்று மட்டும் எழுதினால் குழப்பம் குறையும், ஆனால் வெளியே நிரல் என்று எழுதுபவரை நாம் தடுக்க முடியாது. எனக்கு மாற்றநிரலில் பாதி மனம்தான். படியை விட்டுவிட்டேன், ஐயா சொன்ன நகல் சிக்கல் உண்மை.

அருள்மொழி, கட்டளைகளையும் அட்டவணைப் பெயர்களையும் எப்படியும் ஆங்கிலத்தில் உள்ளபடியே விட வேண்டும், `flyway migrate` என்றுதான் தட்டப்போகிறார்கள். அதனால் முதல் இடத்தில் மட்டும் “மாற்றநிரல், அதாவது மைக்ரேஷன் கோப்பு” என்று எழுதிவிடுங்கள். பிழைச் செய்தியைத் தேடுபவருக்கு வழி கிடைக்கும்.

அருள்மொழி:

அப்படியே செய்கிறேன். இந்தப் பதிப்புக்கு மாற்றநிரல். கண்ணன் சொன்ன குழப்பம் வாசகர்களுக்கு உண்மையில் வருகிறதா என்று வரும் கேள்விகளைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அந்த உள்ளடக்க எண்ணுக்கு இப்போதைக்கு ‘சரிபார்ப்பெண்’ என்று போட்டிருக்கிறேன்.

முத்துக்குமரன்:

சரிபார்ப்பெண் என்றால் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண் மாதிரி இருக்கிறதே. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.