புதுப்பிப்பு: வாடகை ஒப்பந்தம் ஒரே பக்கத்தில்

முன்பு நான் இங்க கேட்டிருந்தது: "சென்னையில வீடு, 11 மாச ஒப்பந்தம், ஆறு பக்கம். வாடகை, அட்வான்ஸ், நோட்டீஸ், யார் எதைப் பார்க்கணும்னு ஒரே பக்கத்துக்கு எப்படிக் கொண்டு வர்றது?"

அட்டவணை தயார். வக்கீல் ஆபீஸ்ல வேலை பார்க்கும் அக்கா சொன்னபடி, சுருக்கி எழுதாம ஒப்பந்த வாசகத்தையே போட்டு, பக்கத்துல பிரிவு எண்ணையும் போட்டேன். அப்பதான் ஒரே விஷயம் ரெண்டு இடத்துல கிடக்கிறது தெரிஞ்சுது.

| விஷயம் | வாசகம் | பிரிவு |
|---|---|---|
| வாடகை | மாதம் 18,000, 5ஆம் தேதிக்குள் | 2 |
| அட்வான்ஸ் | 90,000, காலி செய்யும்போது திருப்பித் தரப்படும் | 4 |
| | பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும் | 11 |
| நோட்டீஸ் | இருதரப்பும் ஒரு மாதம் | 7 |
| | 6 மாதத்துக்குள் காலி செய்தால் 2 மாத வாடகை பிடித்தம் | 12 |
| மோட்டார் ரிப்பேர் | குறிப்பிடவில்லை | – |

நாலாம் பிரிவை மட்டும் பார்த்தா 90,000 முழுசா வரும்னு தோணும். வர்றது 72,000தான். நாலே மாசத்துல கிளம்பினா 36,000.

"மூணு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கினாலே சட்டவிரோதம்"னு என் கேள்விக்குப் பதிலா ஒரு அண்ணன் எழுதியிருந்தார். தமிழ்நாட்டு 2017 சட்டத்துல மூணு மாச வரம்பு உண்டு, ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா அது செல்லும்னு அக்கா திருத்தினாங்க. இன்னொருத்தர் தன் கடை வாடகைக்கான ஜிஎஸ்டி பத்தியே கேட்டுட்டிருந்தார். அதுக்கு இந்த அட்டவணை உதவாது சார்.

"குறிப்பிடவில்லை" வரிசையை வீட்டு ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். ப்ளூ டிக் வந்தாச்சு, பதில் வரல.