அழுதபடி வேலை செய்யும் தங்கச்சிக்கு எப்படித் துணை நிற்பது?

மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களக்குழுவைப் பார்க்கிறேன். வாகரைப் பக்கம் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பின் அறிக்கை மாத முடிவில் நிதி தருபவர்களுக்குப் போக வேண்டும். குழுவில் ஒரு தங்கச்சி வீட்டுப் பிரச்சினையால் உடைந்து போயிருக்கிறா. படிவங்களில் வயதும் குடும்ப எண்ணும் மாறி வருகின்றன, போன் வந்தால் வெளியே போய் அழுகிறா. லீவு எடுக்கச் சொன்னேன். "வீட்ட இருந்தா இன்னும் கஷ்டம் அக்கா" என்றா. அதனால் தரவுப் பதிவை வேறொருவரிடம் கொடுத்து, அவவுக்குத் தெரிந்த குடும்பங்களுடன் போனில் சரிபார்க்கும் வேலையை மட்டும் விட்டிருக்கிறேன். 1926 மனநல உதவி இலக்கத்தையும் கொடுத்தேன்.

இப்போது மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். காரணத்தைச் சொல்ல அவவுக்கு விருப்பமில்லை, அதை நான் மீற மாட்டேன். பெயரும் விவரமும் சொல்லாமல் குழுவுக்கு எப்படி விளக்குவது? நிதி தருபவர்களிடம் ஒரு கிழமை அவகாசத்தை இப்போதே கேட்கலாமா, அல்லது முதலில் வரைவை அனுப்பிவிட்டுத் திருத்தத்துக்கு நேரம் கேட்பது நல்லதா? இப்படிச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள். அவ உயிரை வெறுத்துப் பேசினால் யாரை உடனே கூப்பிடுவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.