13 வயதுப் பெண்ணுக்கு இரவு லென்ஸ்: போடலாமா, கூடாதா?

தாம்பரம் பாலாஜி:
மகளுக்கு 13 வயது. இரண்டு கண்ணிலும் -3.25. வருஷத்துக்கு முக்கால் பவர் ஏறுகிறது. ராத்திரி போட்டுத் தூங்கி, காலையில் கழற்றினால் பகலில் கண்ணாடி வேண்டாம் என்று ஆர்த்தோ-கே லென்ஸைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஏப்ரல், மே வந்தால் அவளுக்குக் கண் அரிப்பு உண்டு, கசக்கிக்கொண்டே இருப்பாள். போடலாமா?

செந்தில்:
தாராளமா போடலாம் சார். பல்லுக்கு கிளிப் போடுற மாதிரிதான். லென்ஸ் கருவிழியை அழுத்தித் தட்டையாக்கும். ரெண்டு வருஷம் விடாம போட்டா அந்த வடிவம் அப்படியே நின்னுடும், அப்புறம் லென்ஸும் வேண்டாம்.

நித்யா, ஆப்டோமெட்ரிஸ்ட்:
தட்டையாகிறது என்பது சரி, நின்றுவிடும் என்பது தவறு. ஒரு வாரம் போடாமல் விட்டால் பவரில் பெரும்பகுதி திரும்பிவிடும். எலும்பு நகர்ந்து பல் இடம் மாறுவதைப் போன்றதல்ல இது. பெரும்பாலும் கருவிழியின் மேல்தோல்தான் இடம்பெயர்கிறது, அது தினம் புதுப்பித்துக்கொள்ளும் தோல்.

லென்ஸ் நசுக்குவதும் இல்லை. நடுவில் லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே சில மைக்ரான் கண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். லென்ஸின் நடுப்பகுதி கருவிழியைவிடத் தட்டையாக இருக்கும். அதைச் சுற்றி உள்ள வளையம் செங்குத்தாக வளைந்து, அங்கே கண்ணீர் தேங்கும். அந்த மெல்லிய கண்ணீர் நடுவில் உள்நோக்கித் தள்ளுகிறது, வளையத்தில் வெளியே இழுக்கிறது. விடிவதற்குள் மேல்தோல் நடுவில் மெலிந்து சுற்றுப்புறத்தில் தடிக்கிறது.

பாலாஜி சார் மகளையே கணக்கில் எடுப்போம். கருவிழி வளைவின் பவர் 43.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3.25 கழிக்க வேண்டும். காலையில் கிடைத்த பார்வை மாலைவரை தாங்க இன்னும் 0.75 கழிப்போம். மிச்சம் 39.50. பவரை மி.மீ. ஆரமாக மாற்றும் எண்ணான 337.5-ஐ இதனால் வகுத்தால் 8.54 மி.மீ., அதுதான் லென்ஸின் நடு வளைவு. அவள் கருவிழியின் ஆரம் 7.76. இந்த இடைவெளிதான் வேலை செய்கிறது.

கார்னியா டாக்டர்:
கணக்கு சரி. அதே கணக்கைத் தடிமனுக்கும் போட்டுக் காட்டுங்கள், வரம்பு எங்கே என்று புரியும். 4 மி.மீ. அகலத்தில் 3.25 பவரை மாற்ற, சுமார் 17 மைக்ரான் மெலிய வேண்டும். -6 என்றால் 32. மேல்தோல் மொத்தமே 50 மைக்ரான் அளவுதான். அதனால்தான் -6-க்கு மேல் போகக் கூடாது என்கிறோம். பவர் கூடக் கூட, திருத்தப்பட்ட வட்டமும் சுருங்கும். இருட்டில் கண்பாப்பா விரிந்து அந்த வட்டத்தைத் தாண்டும்போது விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரியும்.

ஆனால் இவர் கேள்வியில் முக்கியமான வரி கடைசி வரி. வெயில் காலத்தில் வரும் அரிப்பு, விடாத கசக்கல். இந்தப் பிள்ளைக்கு என் பதில்: வேண்டாம்.

நித்யா, ஆப்டோமெட்ரிஸ்ட்:
இப்போதைக்கு வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எப்போதும் வேண்டாமா?

அருண்:
எனக்கு -2.50. போலீஸ் மெடிக்கலுக்கு மூணு வாரம் இருக்கு. இதைப் போட்டா பாஸ் ஆகிடலாமா அக்கா?

நித்யா, ஆப்டோமெட்ரிஸ்ட்:
தம்பி, இது வளரும் கண்ணுக்கான பேச்சு. லென்ஸ் போட்டுச் சரிசெய்த பார்வையை மறைத்துத் தேர்வுக்குப் போவது தவறு. கருவிழியின் வளைவைப் படமாக்கும் டோப்போகிராஃபி எடுத்தால் அது மாறியிருப்பது பளிச்சென்று தெரியும்.

கார்னியா டாக்டர்:
ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். அலர்ஜிக் கண்ணின் மேலிமைக்குள் கொப்புளம் கொப்புளமாகத் தடித்திருக்கும். ராத்திரி முழுக்க அது லென்ஸை உரசும், லென்ஸ் நடுவில் நிற்காது, சளி படியும். இரண்டாவது, கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி கூம்பாகும் நோய் பதின்ம வயதில் தொடங்கலாம். அது இருந்தால் ஆர்த்தோ-கே கூடவே கூடாது. மூன்றாவதைத்தான் யாரும் பேசுவதில்லை. இந்த வீடுகளில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பாதி பாட்டிலாக ஃபிரிட்ஜில் இருக்கும். லென்ஸால் கண் சிவந்தால் அம்மா அதைத்தான் விடுவார். கிருமித் தொற்றாக இருந்தால் அரிப்பும் வலியும் அடங்கியதுபோலத் தெரியும், உள்ளே புண் பெருகும்.

செந்தில்:
அந்தத் தொற்று எத்தனை பேருக்கு வருது டாக்டர்? சும்மா பயமுறுத்தாதீங்க.

கார்னியா டாக்டர்:
அமெரிக்காவில் 2013-இல் வெளிவந்த ஆய்வில், 10,000 பிள்ளைகள் ஒரு வருஷம் போட்டால் ஏறக்குறைய 14 பேருக்கு. ஐந்து வருஷம் போட்டால் கிட்டத்தட்ட 70.

நித்யா, ஆப்டோமெட்ரிஸ்ட்:
அந்த எண் இரண்டே இரண்டு பிள்ளைகளுக்கு வந்த தொற்றை வைத்துப் போட்டது, டாக்டர். உண்மை அளவு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், பல மடங்கு கூடவும் இருக்கலாம். அதனால் எண்ணைவிடக் காரணத்தைப் பார்ப்போம். தண்ணீர்தான் பெரிய எதிரி. அகாந்தமீபா மேல்தொட்டித் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் வாழும், அதன் கூட்டைக் குளோரின் கொல்லாது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும். லென்ஸும் டப்பாவும் குழாய்த் தண்ணீரைப் பார்க்கவே கூடாது, அலசுவது சாலைனில். டப்பாவை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு நான் இதைப் போடவே மாட்டேன்.

காலையில் இன்னொரு தவறு நடக்கிறது. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்கும். அப்படியே ரப்பர் குச்சியால் இழுத்தால் மேல்தோல் உரியும். இரண்டு சொட்டு மசகுச் சொட்டு விட்டு, சில நிமிஷம் இமைத்து, கீழிமையை லேசாக அழுத்தி, லென்ஸ் அசைவதைக் கண்ணாடியில் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். தினமும் ஒட்டுகிறது என்றால் ஃபிட்டிங் சரியில்லை.

கார்னியா டாக்டர்:
வலி, சிவப்பு, வெளிச்சம் கூசுதல் ஏதாவது வந்தால் அன்றே லென்ஸை நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல், தூக்கி எறியாமல் எடுத்துப் போங்கள். கிருமியை அதிலிருந்தும் வளர்த்துப் பார்க்கலாம்.

தாம்பரம் பாலாஜி:
அப்போ அலர்ஜி அடங்கினால்?

நித்யா, ஆப்டோமெட்ரிஸ்ட்:
ஒரு கோடை முழுக்க ஸ்டீராய்டு இல்லாமல் அடங்கியிருக்க வேண்டும், கசக்குவது நின்றிருக்க வேண்டும். டோப்போகிராஃபியை இப்போது ஒருமுறை, 6 மாதம் கழித்து ஒருமுறை எடுங்கள். கீழ்ப்பாதியில் வளைவு கூடாமல் இரண்டு படமும் ஒன்றாக இருந்தால் நான் போடுவேன். முதல் இரவுக்கு அடுத்த காலையே படம் எடுப்பேன். நடுவில் வட்டமாகத் தட்டையானால் சரி. தட்டையான இடம் மேலே ஒதுங்கி, கீழே சிரிக்கும் வாய் மாதிரி வளைவு விழுந்தால் லென்ஸ் மேலே நழுவுகிறது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். 13 வயதில் முக்கால் பவர் ஏறும் கண்ணைச் சும்மா விட மனசு வரவில்லை.

கார்னியா டாக்டர்:
சும்மா விடச் சொல்லவில்லை. அட்ரோபின் 0.05% இருக்கிறது, கிட்டப்பார்வையைத் தடுக்கும் கண்ணாடி வில்லைகளும் இருக்கின்றன. ஆர்த்தோ-கே பற்றிய ஹாங்காங் ஆய்வில், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் கண்ணின் நீள வளர்ச்சி இரண்டு வருஷத்தில் 43 சதவீதம் குறைந்தது. அதை 13 வயதுக்கு அப்படியே ஒட்ட முடியாது.

நித்யா, ஆப்டோமெட்ரிஸ்ட்:
ஒட்டவில்லை. வளர்ச்சி நிற்காத கண்ணில் பலன் கொஞ்சமாவது இருக்கும் என்கிறேன். அட்ரோபினில் பகலில் கண்ணாடி தொடரும், விளையாடும் பிள்ளைக்கு அது ஒரு விஷயம்.

கார்னியா டாக்டர்:
கண்ணாடியோடு விளையாடலாம். கருவிழித் தழும்போடு கஷ்டம். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம். பாலாஜி, அந்த முதல் டோப்போகிராஃபியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், லென்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் அது வேண்டும். அத்தோடு ஃபிரிட்ஜில் உள்ள பாட்டிலின் பெயரை இங்கே எழுதுங்கள்.

தாம்பரம் பாலாஜி:
பார்த்தேன் டாக்டர். லேபிள் அழிந்துபோயிருக்கிறது.