ஒருவருக்கு எழுதிய ஸ்கிரிப்டை இன்னொருவர் பேசும்படி மாற்றுவது: தமிழில் என்ன பெயர்?

மீனா எழுதியது:

வணக்கம். ஒரு தொகுப்பாளருக்காக எழுதிய ஸ்கிரிப்டை, பொருளும் நேர அளவும் மாறாமல் வேறொரு தொகுப்பாளர் பேசும்படி சரிசெய்யும் வேலைக்கு ஒரு சொல் வேண்டும். நிகழ்ச்சி பேச்சுத்தமிழில். இதுவரை பேசியவர் ஆண், இனிப் பேசப்போகிறவர் பெண். "தழுவல்" என்றால் நாவலைப் படமாக்குவது போல ஒலிக்கிறது. "திருத்தம்" என்று எழுதி அனுப்பினால் எழுத்துப்பிழையை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். "ஆள்மாற்றம்" சரிவருமா?

மாதிரிக்கு ஒரு பத்தி. ஏரி மதகு பற்றிய பகுதி இது, பேச 20 நொடி ஆகும்:

"நான் திருவண்ணாமலைப் பக்கம் பொறந்து வளர்ந்தவன்ங்க. சின்னப் பையனா இருக்கும்போது ஏரியில முங்கி, மதகு வாய்கிட்ட போய் விளையாடுவேன். அப்பா பார்த்துட்டா 'டேய், மேல வாடா'ன்னு கத்துவாரு. ஒருநாள் தண்ணி என் காலைப் பிடிச்சு இழுத்துச்சு. ஆழத்துல தண்ணிக்கு எவ்வளவு வேகம்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது."

கதிரவன் எழுதியது:

மீனா, "ஆள்மாற்றம்" வேண்டாம். தேர்வில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எழுதும் ஆள்மாறாட்டம்தான் உடனே நினைவுக்கு வரும்.

இந்த வேலையில் மாறுவது பால் மட்டும்தானே? "பால்திருத்தம்" போதும். அதுவும் தமிழில் பெரிதாக ஒன்றும் இல்லை. வந்தேன், பார்த்தேன், விளையாடுவேன் எல்லாம் இருபாலுக்கும் பொது. இந்த மாதிரியில் "வளர்ந்தவன்", "பையன்", "டேய்", "வாடா" நான்கையும் மாற்றினால் முடிந்தது. இந்தியில்தான் ஒவ்வொரு வினையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ராகவன் எழுதியது:

இந்தியிலும் ஒவ்வொரு வினையும் மாறாது, கதிரவன். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "மை கயா தா" என்று ஆண் சொல்வதைப் பெண் "மை கயீ தீ" என்பார். "கர் சக்தா ஹூன்" என்பது "கர் சக்தீ ஹூன்" ஆகும். ஆனால் "மைனே" என்று தொடங்கும் இறந்தகால வாக்கியத்தில் வினை பேசுகிறவரைப் பார்ப்பதில்லை, செயப்படுபொருளைப் பார்க்கிறது. "மைனே கானா காயா" என்று ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே சொல்வார்கள், "கானா" ஆண்பால் என்பதால். "மைனே ரோட்டீ காயீ" என்பதும் அப்படியே, "ரோட்டீ" பெண்பால்.

இது தெரியாமல் கோப்பு முழுக்க "ஆ"வை "ஈ"யாக மாற்றச் சொன்னால் "மைனே கானா காயீ" என்று வந்து நிற்கும். பேசுகிறவர் படிக்கும்போதே நாக்கு இடறும். "மைனே" உள்ள வாக்கியங்களை முதலில் வண்ணமிட்டு ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் கைவைப்பதுதான் வழி. "முஜே ஜானா ஹை" போன்றவற்றையும் தொடக்கூடாது.

தமிழரசி எழுதியது:

கதிரவன் தன்மை வினை பற்றிச் சொன்னது சரி. ஆனால் "தமிழில் ஒன்றும் இல்லை" என்பது பாதிதான் சரி. அந்த நினைப்பால்தான் பிழைகள் தப்பிவிடுகின்றன. தன்மை வினைகளை மட்டும் பார்த்தால் இரண்டு இடங்கள் கண்ணில் படாது.

முதலாவது, தொகுப்பாளரைப் பற்றி மற்றவர்கள் பேசும் வரிகள். எழுத்துத்தமிழில் "இவர் விளக்குவார்" என்று இருபாலுக்கும் எழுதிவிடலாம். பேச்சுத்தமிழில் மரியாதையாகச் சொல்லும்போதுகூட ஆணுக்கும் பெண்ணுக்கும் விகுதி வேறு. அறிமுகக் குரலில் "இவரு சொல்லப்போறாரு" என்று இருப்பது "இவங்க சொல்லப்போறாங்க" ஆக வேண்டும். விருந்தினர் வாயில் "தம்பி கேட்டாரே" என்று இருந்தால் அதுவும் மாறும். இந்த வரிகள் தொகுப்பாளரின் பக்கத்தில் இருப்பதில்லை. அறிமுகக் குரலிலும், விருந்தினர் பகுதியிலும், அடுத்த வார முன்னோட்டத்திலும், திரையில் ஓடும் எழுத்திலும் சிதறிக் கிடக்கும். ஆகவே ஸ்கிரிப்ட் முழுவதையும் பழைய தொகுப்பாளரின் பெயர், இவரு, அவரு, தம்பி, அண்ணன், சார் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டும்.

இரண்டாவது, "வளர்ந்தவன்" போன்ற வினையாலணையும் பெயர்கள். இதை "வளர்ந்தவள்" என்று மாற்றினால் பேச்சில் "வளர்ந்தவ" என்று தேய்ந்துவிடும். தமிழ்நாட்டுப் பேச்சில் அதில் மரியாதை இல்லை, தன்னைப் பற்றியே சொன்னாலும் உறுத்தும். அதை வினைமுற்றாக்கி, "திருவண்ணாமலைப் பக்கம்தாங்க பொறந்து வளர்ந்தேன்" என்று எழுதுவதே நல்லது. "பெருமைப்படுறவன் நான்" என்பதையும் "பெருமைப்படுறேன்" ஆக்கிவிடலாம். அழுத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் அடுத்த முறை ஆள் மாறினாலும் அந்த வரியைத் தொட வேண்டியிருக்காது.

"பால்திருத்தம்" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். பால்மாற்று அறுவை சிகிச்சையோடு குழம்பும். அதைவிடப் பெரிய காரணம், ஒரு பெண்ணுக்குப் பதில் இன்னொரு பெண் வந்தாலும் இந்த வேலை உண்டு. மீனாவின் பத்தியில் கடினமான பகுதி விகுதியே இல்லை, மதகு அனுபவம்தான். புதியவர் ஏரியைப் பார்க்காமல் வளர்ந்தவராக இருந்தால் "பையன்" என்பதைப் "பொண்ணு" ஆக்குவதால் வாக்கியம் சரியாகும், செய்தி பொய்யாகும்.

துஷ்யந்தி எழுதியது:

வணக்கம். எங்கட பக்கம் இந்த வேலையை வட்டார வழக்கு மாற்றம் எண்டுதான் விளங்கிக்கொள்ளுவம். யாழ்ப்பாணத்தில "அவ சொன்னவ" எண்டால் அது மரியாதையான பேச்சு, ஆசிரியையைப் பற்றியும் அப்பிடித்தான் கதைக்கிறது. உங்கட ஆக்கள் அதை வாசிச்சால் மரியாதை இல்லை எண்டு நினைச்சு "அவங்க சொன்னாங்க" எண்டு மாத்துவினம். அப்ப "வழக்குமாற்று" எண்டு சொல்லலாம்தானே?

தமிழரசி எழுதியது:

துஷ்யந்தி, நீங்கள் சொன்ன "அவ" நல்ல எச்சரிக்கை. இலங்கைத் தொகுப்பாளருக்காக எழுதியதைத் தமிழ்நாட்டவர் பேசும்போதும், அதன் மறுதலையிலும், அந்த ஒரு சொல்லில் மரியாதையே தலைகீழாகிவிடும். ஆனால் வழக்கு மாறாமலே ஆள் மாறுவதுதான் மீனாவின் கேள்வி. வழக்குமாற்று இதன் ஒரு பகுதியாகலாம், முழுப்பெயர் ஆகாது.

அனுபவப் பகுதிக்கு வருகிறேன். முதலில் அந்த 20 நொடி என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கே இரண்டு வேலை. ஆழம் கூடக்கூடத் தண்ணீர் வெளியேறும் வேகம் கூடும் என்று உணர்த்துவது ஒன்று. நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் திறப்பில், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், நொடிக்கு 7.7 மீட்டர் வேகம் வரும். அந்தக் கணக்குக்கு நேயரைத் தயார்செய்வதற்காகத்தான் கதை. மதகுப் பக்கம் போகாதே என்ற எச்சரிக்கை மற்றொன்று, அது வெளிப்படையாகச் சொல்லப்படாமல் கதைக்குள் இருக்கிறது.

பிறகு புதிய தொகுப்பாளரிடம் கேட்க வேண்டும். "உங்களுக்கு ஏரி அனுபவம் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "தண்ணீர் ஓரிடத்தில் வேகமாகவும் இன்னோரிடத்தில் மெதுவாகவும் வந்ததை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அடுக்குமாடியில் வளர்ந்தவர் என்றால் மொட்டைமாடித் தொட்டியைச் சொல்வார். கீழ்த்தளக் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், மேல்தளத்தில் நூலாக ஒழுகும். அதே இயற்பியல்தான். அவர் சொன்னதை அவர் நடையிலேயே எழுதி, 20 நொடிக்குள் வருகிறதா என்று வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். சொற்களை எண்ணி முடிவுசெய்வது பலிக்காது, ஒவ்வொருவர் பேச்சு வேகமும் வேறு.

குழாய்க்கதை முதல் வேலையைச் செய்யும், எச்சரிக்கையைத் தராது. அதைத் தனி வரியாகச் சேர்க்காவிட்டால் ஸ்கிரிப்டிலிருந்து அது சத்தமில்லாமல் மறைந்துபோகும். கதையின் வால் பின்னால் எங்கே தொங்குகிறது என்றும் தேட வேண்டும். எட்டாம் நிமிடத்தில் "என் காலை இழுத்துச்சுன்னு சொன்னேன்ல" என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும்.

புதியவரிடம் பொருத்தமான அனுபவமே இல்லையென்றால் பழைய கதையைப் படர்க்கைக்கு மாற்றி, "ஏரிக்கரை ஊர்ல வளர்ந்த ஒரு பையன் சொன்னது" என்று தொடங்கலாம். கற்பனையாக ஒன்றை எழுதி அவர் தலையில் கட்டுவதை மட்டும் செய்யக்கூடாது. நேயர் அதைப் பற்றி நேரில் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது.

சொல்லுக்கு என் முன்மொழிவு "வாய்பெயர்ப்பு". மொழிபெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு வரிசையில் அமரும். "ஏழாம் பகுதியை வாய்பெயர்த்தாச்சா?" என்று வினையாகவும் கேட்கலாம். வினையாகப் புழங்காத கலைச்சொல் வேலை செய்யும் இடத்தில் நிலைக்காது.

கதிரவன் எழுதியது:

பால்திருத்தத்தைக் கைவிடுகிறேன். ஆனால் "வாய்பெயர்ப்பு" என்பதில் ஒற்று மிக வேண்டாமா? மொழியைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு, இரண்டாம் வேற்றுமைத் தொகை, அதனால் மிகவில்லை. இங்கே வாயைப் பெயர்க்கவில்லையே, ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு அல்லவா பெயர்க்கிறோம்?

ராகவன் எழுதியது:

ஒற்றைவிட எனக்கு "வாய்" என்ற சொல்தான் இடிக்கிறது. "வாயைப் பெயர்த்துடுவேன்" என்று சண்டையில் சொல்வது போல இருக்கிறது. "பேசுநர் பெயர்ப்பு" என்றால் நீளம்தான், ஆனால் மதிப்பாக ஒலிக்கும்.

துஷ்யந்தி எழுதியது:

வாய்மொழி, வாய்ப்பாட்டு எல்லாம் மதிப்பாத்தானே இருக்கு. எனக்கு "வாய்பெயர்ப்பு" பிடிச்சிருக்கு. ஆனால் "டேய், வாடா" எண்டதை என்ன செய்யிறது?

தமிழரசி எழுதியது:

உடனே "வாடி" ஆக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மகளைச் செல்லமாக "வாடா" என்று கூப்பிடும் வீடுகள் ஏராளம். அந்தப் பெண்ணை அப்பா எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே எழுத வேண்டும். அதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கதிரவன், "மொழிபெயர்ப்பு" என்ற சொல்லிலும் பெயர்வது மொழியல்ல, பொருள்தான். ஆனாலும் உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. ஒற்றைப் பற்றி இலக்கணம் அறிந்த வேறு யாரும் எழுதினால் நல்லது.

மீனா எழுதியது:

வேலைக்கு "வாய்பெயர்ப்பு" என்றே இப்போது எழுதத் தொடங்குகிறேன், ஒற்று இல்லாமல். வெளியில் போகும் ஒப்பந்தத்தில் ராகவன் சொன்ன "பேசுநர் பெயர்ப்பு". இரண்டில் எது நிற்கிறது என்று பார்ப்போம்.

பட்டியலில் விட்டுப்போன ஒன்று. "போன வாரம் நான் சொன்னேன்ல" என்ற வரி இரண்டு ஸ்கிரிப்டில் இருக்கிறது. விகுதியில் பிழை இல்லை, பால் இல்லை, சொந்த அனுபவமும் இல்லை, அதனால் எந்தத் தேடலிலும் சிக்கவில்லை. ஆனால் போன வாரம் சொன்னவர் இவர் இல்லை. "போன வாரம் பார்த்தோம்ல" என்று மாற்றியிருக்கிறேன். இனி "போன வாரம்", "முன்னாடி", "ஏற்கனவே" மூன்றையும் தேடிய பிறகுதான் படப்பிடிப்புக்கு அனுப்புவேன்.