மல் துணியில் ஸ்மாக்கிங், பின்டக்: நூலை எவ்வளவு இழுக்கிறீர்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஊசிமுனை:
சமீபத்தில் ஒரு அம்மா, இரண்டு வயதுக் குழந்தையின் ஃபிராக்கைச் சரிசெய்யச் சொல்லிக் கொண்டுவந்தார். வேறு எங்கோ தைத்தது. வெள்ளை மல் துணி, மார்பில் பத்து இன்ச் அகலத்துக்கு ஸ்மாக்கிங், வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் இரண்டாம் முறை போடும்போதே அக்குள் பக்கம் நூல் அறுந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அரை இன்ச் கூடக் கொடுக்கவில்லை. ஸ்மாக்கிங் என்றால் இழுத்தால் விரிய வேண்டும், விட்டால் திரும்ப வேண்டும். குழந்தை கையைத் தூக்கும்போது அந்த இடம்தானே முதலில் இழுபடும்.

திருப்பிப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை எல்லா வரிசையும் கேபிள் தையல். ஒவ்வொரு தையலையும் இறுக்கி இழுத்திருக்கிறார்கள், மடிப்புகள் ஒன்றோடொன்று நெரிந்து நிற்கின்றன. ஊசியும் மடிப்பின் அடி வரை போயிருக்கிறது. மடிப்பின் உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும்தான் ஊசி எடுக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் மடிப்பு திறந்து மூட இடம் இருக்கும்.

முன்பக்கத்தைப் புதிதாகவே செய்து கொடுத்தேன். வழக்கமாக அகலத்துக்கு மூன்று மடங்கு துணி எடுப்போம், மல் ரொம்ப மெல்லிசு என்பதால் மூன்றரை மடங்கு, அதாவது 35 இன்ச் எடுத்தேன். புள்ளிக்குப் புள்ளி 5 மில்லிமீட்டர், வரிசைக்கு வரிசை 8 மில்லிமீட்டர். காம்ப்ரிக்காக இருந்தால் கால் இன்ச் புள்ளியே போதும். மல்லில் கால் இன்ச் வைத்தால் மடிப்பு உயரமாகி, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். சாய்ந்த மடிப்பில் மேல் மூன்றில் ஒரு பங்கை எங்கே எடுப்பது?

சுருக்கு நூல்களைச் சேர்த்து இழுத்து 9 இன்ச்சில் கட்டினேன். வேலை முடிந்து அவற்றை உருவினால் கொஞ்சம் விரிந்து பத்துக்கு வந்துவிடும். மேலே ஒரே ஒரு வரி காம்புத் தையல், அப்புறம் அலைத் தையல், கீழே தேன்கூடு. எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழைக்குப் பதில் இரண்டே இழை. பக்கத்து மடிப்புகள் தொட்டுக்கொண்டவுடன் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் மடிப்பின் தலை கூம்பும், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பாவாடைநாடா:
அக்கா, இவ்வளவு கஷ்டம் எதற்கு? பாபினில் எலாஸ்டிக் நூலைக் கையால் சுற்றி, மேலே சாதா நூல் போட்டு வரிசையாகத் தைத்தால் தானாகச் சுருங்கும். என் இரண்டு பெண்களுக்கும் அப்படித்தான். நன்றாக இழுபடும்.

ஊசிமுனை:
அது வேறு வேலை, பாவாடைநாடா. அவசரத்துக்கு அதுவும் நல்லதுதான், வீட்டில் போடும் சட்டைக்கு நானும் தைப்பேன். ஆனால் அதில் மடிப்பு ஒழுங்காக நிற்காது, மேலே பூ வேலை செய்ய முடியாது. துவைக்கத் துவைக்க எலாஸ்டிக்கும் தளர்ந்துவிடும்.

பழையமிஷின்:
கான்வென்ட் தையல் வகுப்பில் எங்களுக்குச் சொன்னது: சுருக்கு நூலை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கு, மடிப்பு கம்பி மாதிரி நிற்கணும். அப்படித்தான் இன்றும் செய்கிறேன். எனக்குப் பிரச்சினை வந்ததே இல்லை.

நூல்கண்டு:
பழையமிஷின் அம்மா சொல்வதில் பாதி சரி. மடிப்பு ஒழுங்காகப் படிய முதலில் இறுக்கி இழுத்து, மேலும் கீழும் பிடித்து நீவிவிட்டு, ஆவி காட்டி ஒரு ராத்திரி அப்படியே வைக்கலாம். ஆனால் பூ வேலைக்கு உட்காரும்போது தளர்த்திவிட வேண்டும். மடிப்புக்கு நடுவே ஊசிமுனை தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் இன்னும் இறுக்கம்தான். நீங்கள் தைப்பது பாப்ளினா? அதில் துணியே விறைப்பாக இருப்பதால் இந்தத் தப்பு தெரியாது.

மல்லுக்கு என் கையில் இன்னொரு வழி உண்டு. புள்ளி வைக்கும் முன் இளங்கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுவேன். வேலை முடிந்ததும் அலசினால் போய்விடும். புள்ளியைத் துணியின் உள்பக்கம் வையுங்கள். ஜெராக்ஸ் கடைக் கார்பன் வேண்டாம், வெள்ளைத் துணியில் அது போகவே போகாது.

அலைத் தையலில் குழம்புகிறவர்களுக்கு: ஏறும்போது நூல் ஊசிக்குக் கீழே, இறங்கும்போது நூல் ஊசிக்கு மேலே. இது மாறினால் அலை உடைந்து தெரியும்.

தேங்காய்நார்:
நான் கேட்க வந்தது பின்டக். நாலு மாதக் குழந்தைக்கு வாயில் துணியில் ஒரு யோக், 20 பின்டக். மிஷினில் தைத்ததும் நெளிநெளியாக நிற்கிறது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டை பத்தாது.

பழையமிஷின்:
மேல் டென்ஷனைத் தளர்த்து கண்ணு. வேறொன்றுமில்லை.

நூல்கண்டு:
டென்ஷனும் ஒரு காரணம்தான், ஆனால் அதோடு முடியாது. எந்த நூல் போட்டீர்கள்? பாலியெஸ்டர் நூல் ஓடும்போது நீண்டு, தைத்து முடித்தபின் திரும்பச் சுருங்கும். மிஷினில் இருக்கும்போது நேராகத் தெரியும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நெளியும். மெல்லிய காட்டன் நூல் போடுங்கள். ஊசி 14 வேண்டாம், 9 அல்லது 11. தையல் நீளம் 2 மில்லிமீட்டர். துணியை நனைத்துக் காயவைத்தீர்களா? இல்லையென்றால் முதல் சலவையில் துணி சுருங்கும், தையல் சுருங்காது, டக் முழுக்கக் கொப்புளம் மாதிரி நிற்கும்.

அகலம் மாறுவது வேறு கதை. பின்டக் அகலம் 2 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் துணியைச் சாப்பிடும். 20 டக்குக்கு 8 சென்டிமீட்டர். ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்தால் ஒரு டக்கில் 1 மில்லிமீட்டர் போகும், 20 டக்கில் 2 சென்டிமீட்டர்! அதனால் யோக்கை முதலில் வெட்டக் கூடாது. நீள்சதுரத் துணியில் டக் எல்லாம் தைத்துத் தேய்த்துவிட்டு, அப்புறம் பேட்டர்ன் வைத்து வெட்டுங்கள். மடிப்புக்கோட்டுக்கு ஸ்கேல் வேண்டாம். ஓரத்திலிருந்து ஓர் இழையை மெல்ல உருவினால் துணியில் நேர்க்கோடு விழும், அதிலேயே மடியுங்கள். கோட்டுக்குக் கோடு 10 மில்லிமீட்டர் வைத்தால் தைத்தபின் தையலுக்குத் தையல் 6 மில்லிமீட்டர் நிற்கும்.

தேங்காய்நார்:
பாலியெஸ்டர்தான் போட்டேன் அண்ணா. ஆரம்பத்தில் துணி பல்லுக்குள் இழுத்துக்கொண்டதும் உண்டு.

நூல்கண்டு:
அண்ணா இல்லை, அக்கா. ஒரு கழிவுத் துண்டில் தையலை ஆரம்பித்து, நிறுத்தாமல் வாயிலுக்கு ஓட்டுங்கள், உள்ளே இழுக்காது.

ஊசிமுனை:
ஒரே திசையில் தைக்கிறீர்களா, ஒன்று மேலிருந்து ஒன்று கீழிருந்தா? நான் எல்லா டக்கையும் கழுத்துப் பக்கமிருந்துதான் தைப்பேன்.

நூல்கண்டு:
நான் மாற்றி மாற்றி. ஒரே திசையில் போனால் துணி ஒரு பக்கமாகச் சரிகிறது என்பது என் அனுபவம்.

ஊசிமுனை:
எனக்கு மாற்றித் தைத்தால்தான் பக்கத்துப் பக்கத்து டக் எதிரெதிராக முறுக்கிக்கொள்கிறது. மிஷினைப் பொறுத்து மாறுமோ என்னவோ. பழைய கறுப்பு மிஷினில் தைப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழையமிஷின்:
என்னுடையது கறுப்பு மிஷின்தான். ஒரே திசை. ஆனால் நான் வாயிலில் தைத்ததில்லை, காம்ப்ரிக் மட்டும்தான்.