மறு: தானாக இறங்கும் படம், வீடியோ, ஆவணம் – அமைப்புத் திரைக்குச் சொல் வேண்டும்

தமிழரசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நாம் மொழிபெயர்த்துவரும் அரட்டைச் செயலியில் ஒரு திரை மட்டும் பாக்கி. வந்த படம், ஒலி, வீடியோ, ஆவணம் இவற்றில் எவை நாம் தொடாமலே இறங்கலாம் என்று முடிவுசெய்யும் திரை. கோப்பில் இருப்பது இது:

```
<string name="auto_dl_title">Media auto-download</string>
<string name="auto_dl_mobile">When using mobile data</string>
<string name="auto_dl_wifi">When connected on Wi-Fi</string>
<string name="auto_dl_roaming">When roaming</string>
<string name="auto_dl_none">No media</string>
```

முன்பு யாரோ போட்டுவைத்த தமிழ் இப்படி: "தானியங்கி ஊடகப் பதிவிறக்கம்", "கைப்பேசித் தரவைப் பயன்படுத்தும்போது", "கம்பியில்லா வலையமைப்பில் இணைந்திருக்கும்போது". மூன்றாவது வரி என் போனில் இரண்டாக மடிந்து, பாதியில் புள்ளி வைத்து நிற்கிறது. நீளத்தை விடுங்கள், பொருளே சரியா என்பதுதான் என் ஐயம். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் இந்தப் பதிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

கணேசன் எழுதியது:

அம்மா, வைஃபைக்கு "அருகலை" என்ற நல்ல சொல் வந்து ஆண்டுகள் ஆகின்றன. விக்கிப்பீடியாவிலும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் கம்பியைத் தேடுகிறோம்? "கைப்பேசித் தரவு", "அருகலை" என்று போடுங்கள், முடிந்தது.

எனக்கு உறுத்துவது தலைப்பு. "தானியங்கி" என்பது தானாக இயங்கும் பொருளின் பெயர். கோப்பு இயங்கவில்லை, வந்து சேர்கிறது. மேலும் "பதிவிறக்கு" என்பது பிறவினை, ஒருவர் இறக்க வேண்டும். யாரும் இறக்காமல் நடப்பதற்குத் தமிழில் தன்வினை இருக்கிறதே: இறங்கு. "தானாக இறங்குதல்" என்றால் வகுப்பில் கடைசி வரிசைப் பையனுக்கும் புரியும்.

சுதாகர் எழுதியது:

ஐயா சொன்ன இறங்கு/இறக்கு வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். திரையில் நடப்பதும் அதுதான். அனுமதி இருந்தால் கோப்பு தானாக இறங்கும். இல்லையென்றால் மங்கலான முன்னோட்டமும் கோப்பின் அளவும் மட்டும் தெரியும், அம்புக்குறியைத் தொட்டு நாம் இறக்க வேண்டும். இரண்டு வினை, இரண்டு நிலை.

"கைப்பேசித் தரவு" எனக்குச் சரிப்படவில்லை. படிப்பவர் அதைப் போனில் உள்ள தொடர்பு எண், குறிப்பு, படம் என்றுதான் எடுத்துக்கொள்வார். சிம் வழியாக வரும் இணையத்தை ஊரில் எல்லாரும் "டேட்டா" என்கிறார்கள். "டேட்டா தீர்ந்துபோச்சு" என்று கேட்டிருக்கிறோம், "தரவு தீர்ந்துபோச்சு" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"கம்பியில்லா வலையமைப்பு" கட்டாயம் போக வேண்டும். மொபைல் டேட்டாவுக்கு மட்டும் கம்பியா இருக்கிறது? டவரிலிருந்து வருவதும் கம்பியில்லாமல்தான். ஒன்றையொன்று விலக்க வேண்டிய இரண்டு வரிகளில், இரண்டாவது வரி முதலாவதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இது நீளப் பிரச்சினையே இல்லை, பிழை.

மீனாட்சி எழுதியது:

ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதீங்க. நான் மொபைல் டேட்டா என்ற இடத்தில் வீடியோ, ஆவணம் ரெண்டையும் எடுத்துவிட்டேன். அப்படியும் கல்யாண வீடியோவெல்லாம் என் டேப்லெட்டில் கேலரி முழுக்க வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் போனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக், மதியமே காலி. அப்போ இந்த அமைப்பு வேலையே செய்யலையா? முதலில் அதைச் சரி பண்ணச் சொல்லுங்க, சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

சுதாகர் எழுதியது:

மீனாட்சி அக்கா, இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கேலரியில் தெரிவது வேறு அமைப்பு. கோப்பு இறங்கிய பிறகு அதைக் கேலரிக்குக் காட்டலாமா என்பதை அது தீர்மானிக்கிறது. அதை அணைத்தால் கேலரி சுத்தமாகும், டேட்டா ஒரு எம்பி கூட மிச்சமாகாது.

டேட்டா போவதற்குக் காரணம் வேறாக இருக்கும். டேப்லெட்டில் சிம் இருக்கிறதா? இல்லை, அண்ணன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைக்கிறீர்களா?

மீனாட்சி எழுதியது:

சிம் கிடையாது. ஹாட்ஸ்பாட்தான்.

சுதாகர் எழுதியது:

அதேதான். டேப்லெட்டைப் பொறுத்தவரை அது வைஃபை. அதனால் செயலி "மொபைல் டேட்டா" வரியைப் பார்ப்பதே இல்லை, வைஃபை வரியில் உள்ளதைச் செய்கிறது. அங்கே எல்லா வகையும் டிக் ஆகியிருக்கும், பல செயலிகளில் தொடக்க நிலையே அதுதான். குடும்பக் குழுவில் 60 எம்பி வீடியோ பத்து வந்தால் 600 எம்பி. உங்கள் ஒன்றரை ஜிபியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், யாரும் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமலே போய்விடும். தரம் குறையக்கூடாது என்று சிலர் வீடியோவை ஆவணமாக அனுப்புவார்கள். அப்போது வீடியோ டிக்கை எடுத்தும் பயனில்லை, அது ஆவணக் கணக்கில் இறங்கும். வாட்ஸ்அப்பில் ஒரு ஆவணம் 2 ஜிபி வரை போகலாம்.

உறுதி செய்ய வழி இருக்கிறது. அண்ணன் போனில் அமைப்புகளுக்குள் டேட்டா பயன்பாட்டுப் பட்டியலைத் திறங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கென்று ஒரு வரி இருக்கும். அது மேலே நின்றால் டேட்டாவைத் தின்றது உங்கள் டேப்லெட்தான். டேப்லெட்டில் வைஃபை வரியிலும் வீடியோ, ஆவணம் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி இழைக்கு வருகிறேன், ஏனென்றால் அக்கா கேட்டது நம் சொல்லையே தொடுகிறது. பயனர் கேட்க நினைப்பது "வைஃபையா, சிம்மா" என்பதை அல்ல, "இதற்குக் காசு அளந்து போகிறதா" என்பதை. ஆண்ட்ராய்டுக்கு இந்த வேறுபாடு தெரியும். ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையும்போது, முகவரி கொடுக்கும் அந்தப் பேச்சுவார்த்தையிலேயே `ANDROID_METERED` என்று ஒரு குறிப்பு போகும். மறுமுனையும் ஆண்ட்ராய்டு என்றால், வைஃபையாக இருந்தாலும் இது அளந்து போகும் இணைப்பு என்று குறித்துக்கொள்ளும். சிம் போட்ட பாக்கெட் ரவுட்டரிடம் இந்தக் குறிப்பை எதிர்பார்க்க முடியாது. அதற்கு வைஃபை விவரத் திரையில் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் செயலி எதைக் கேட்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது:

```
caps.hasTransport(NetworkCapabilities.TRANSPORT_WIFI)
cm.isActiveNetworkMetered()
```

முதல் வரியைக் கேட்டால் அக்காவின் டேப்லெட்டில் "ஆம், வைஃபை" என்று பதில் வரும், எல்லாம் இறங்கும். இரண்டாவதைக் கேட்டால் "ஆம், அளந்து போகிறது" என்று வரும், நிறுத்திவிடலாம். நம் செயலி இப்போது முதல் கேள்வியை மட்டும் கேட்கிறது. மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஏற்றால் அடுத்த பதிப்பில் மீட்டர்டு என்ற சொல்லும் நம்மிடம் வரும், இப்போதே யோசித்து வைப்போம்.

ரஞ்சனி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து. நாங்கள் மீட்டரை மானி என்போம், மின்மானி, வெப்பமானி மாதிரி. "மானி இணைப்பு" என்று வைக்கலாமே, சிறியதாயும் இருக்கு. தலைப்புக்கு இங்கே "தன்னியக்க" என்றுதான் எழுதுவோம், ஆனால் கணேசன் ஐயாவின் "இறங்கு" எனக்குப் பிடித்திருக்கு. அதோடு "தரவிறக்கம்" என்று எழுதுகிறவர்களுக்கும் "பதிவிறக்கம்" என்று எழுதுகிறவர்களுக்கும் இடையில் வழமையாய் வருகிற சண்டையும் இல்லை.

தமிழரசி எழுதியது:

ரஞ்சனி அக்கா, இங்கே "மானி இணைப்பு" என்று போட்டால் அரசு மானியத்தில் கிடைக்கிற இணைப்பு என்று கேஸ் கனெக்‌ஷன் நினைப்பில் படித்துவிடுவார்கள். செலவு எச்சரிக்கை, இலவச அறிவிப்பாக மாறிவிடும்!

கணேசன் எழுதியது:

"வரம்புள்ள இணைப்பு" எனலாம்.

சுதாகர் எழுதியது:

வரம்பு வேறு ஐயா. வீட்டு பிராட்பேண்டுக்கும் மாத வரம்பு உண்டு, ஆனால் ஆண்ட்ராய்டு அதை அளந்து போவதாக எடுத்துக்கொள்ளாது. வரம்பே இல்லாமல் பயன்படுத்திய அளவுக்குப் பணம் வாங்கும் இணைப்பும் உண்டு. எனக்கு "மீட்டர் இணைப்பு" போதும். ஆட்டோவில் ஏறியவருக்கும் கரண்ட் பில் கட்டியவருக்கும் அது விளங்கும்.

கணேசன் எழுதியது:

அப்படியானால் கலைச்சொல் குழு எதற்கு? ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாமே. "அளவிடும் இணைப்பு" என்பதில் என்ன குறை?

ரஞ்சனி எழுதியது:

வேகத்தை அளக்கிற செயலி என்று நினைப்பார்கள், ஐயா.

பாரூக் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. ரோமிங் வரியை யாரும் தொடவில்லையே. உட்லண்ட்ஸ் பக்கம் சில வீடுகளில் சன்னலோரம் நின்றாலே போன் மலேசிய டவரைப் பிடித்துக்கொள்ளும். எல்லையைக் கடக்காமலே ரோமிங். அதனால் "வெளிநாட்டில் இருக்கும்போது" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆள் நகரவே இல்லை, சிம் வேறொருவர் வலையில் இருக்கிறது. "அயல்வலையில்" என்று ஒரு சொல் என் மனதில் இருக்கிறது. "உலாவல்" வேண்டாம், அது பிரவுசருக்குப் போய்விட்டது.

இன்னொன்று, நான் ஐபோன். வாட்ஸ்அப்பில் திரையே தலைகீழ். ஆண்ட்ராய்டில் முதலில் இணைப்பைத் தேர்ந்து, உள்ளே படம், வீடியோ என்று டிக் செய்கிறார்கள். எனக்கு முதலில் படம், வீடியோ என்று வரும், அதற்குள் போனால் ஒருபோதும் வேண்டாம், வைஃபை, வைஃபையும் மொபைல் டேட்டாவும் என்று மூன்று தேர்வு. நம் ஐபோன் பதிப்பும் அதே வடிவம்தான். "வைஃபையில்" என்று உருபு சேர்த்து மொழிபெயர்த்ததை அங்கே அப்படியே ஒட்டினால் நிற்காது.

தமிழரசி எழுதியது:

நன்றி பாரூக், ஐபோன் வரிகளைத் தனிச் சரமாகப் பிரித்துத் தரச் சொல்லிவிட்டேன். "அயல்வலை" எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ரோமிங் என்றே பழகிய ஆள், பில் எகிறும் இடத்தில் புதுச் சொல்லைப் பார்த்து முழிக்கக்கூடாது. இந்த முறை ரோமிங்கே இருக்கட்டும். அருகலைக்கும் அதே தயக்கம்தான் ஐயா. போனின் சொந்த அமைப்புத் திரையில் வைஃபை என்று இருக்க, நம் செயலி மட்டும் அருகலை என்றால் இரண்டும் ஒன்று என்று அவருக்கு யார் சொல்வது?

ஆண்ட்ராய்டுக்கு நான் ஏற்றப்போவது:

```
<string name="auto_dl_title">தானாக இறங்குபவை</string>
<string name="auto_dl_mobile">மொபைல் டேட்டாவில்</string>
<string name="auto_dl_wifi">வைஃபையில்</string>
<string name="auto_dl_roaming">ரோமிங்கில்</string>
<string name="auto_dl_none">எதுவும் இல்லை</string>
```

தலைப்பிலிருந்து கீழே படித்தால் ஒரே வாக்கியமாக ஓடுகிறது: தானாக இறங்குபவை, மொபைல் டேட்டாவில், படங்கள். "இருக்கும்போது" எதுவும் தேவைப்படவில்லை. வைஃபை வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் "ஹாட்ஸ்பாட்டும் இதில் அடங்கும்" என்று சேர்க்க இடம் கேட்டிருக்கிறேன். மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்பதால் கிடைக்குமா தெரியாது.

மீனாட்சி எழுதியது:

பார்த்துட்டேன் சுதாகர். ஹாட்ஸ்பாட் வரிதான் முதலில் நிற்குது. வீடியோவும் ஆவணமும் எடுத்தாச்சு. பாட்டு, ஒலி டிக்கையும் எடுத்தேன், ஆனா வாட்ஸ்அப்பில் அத்தை அனுப்புற குரல் செய்தி மட்டும் இன்னும் தானா வந்துட்டே இருக்கு.

சுதாகர் எழுதியது:

அது வரும் அக்கா. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி இந்த டிக்குகளுக்குக் கட்டுப்படாது, எப்போதும் தானாகத்தான் இறங்கும். அளவு சின்னது, விட்டுவிடுங்கள்.

கணேசன் எழுதியது:

வைஃபைக்கு என் மறுப்பைக் குறிப்பில் பதியுங்கள். மீட்டருக்கு "அளந்து தரும் இணைப்பு" என்று இன்னொன்று தோன்றுகிறது. சுதாகர் முதலில் "அளந்து போகும்" என்று தாமே எழுதினார், பிறகு ஏன் மீட்டருக்குப் போனார் என்று விளங்கவில்லை.