ஐம்பது வயதில் பங்குச்சந்தை: எட்டு வருஷக் கணக்கு சரியா?

நிதானம்: "ஐம்பதைத் தாண்டியவர் பங்கில் ஒரு காசு வைத்தாலும் அது சூதாட்டம்தான். முப்பதில் இருப்பவர் எல்லாவற்றையும் போடலாம். 52 வயதுக்காரருக்கு இருப்பது எட்டே வருஷம்."

கடைசிபெஞ்ச்: எட்டு வருஷம் என்று யார் சொன்னது? 60-ல் சம்பளம்தான் நிற்கும், சாப்பாடு நிற்காது. 20 வருஷச் செலவுக்கான பணம் சேர்த்து எல்லாவற்றையும் வைப்புநிதியில் போடுகிறார் என்றே வையுங்கள். வட்டி விலைவாசியை அப்படியே ஈடுகட்டினால்கூட 80 வயதில் கை காலி. அதற்கு மேல் உயிரோடு இருந்தால் என்ன செய்வார்?

நிதானம்: சந்தை 40 சதவீதம் விழுந்தால் 32 வயதுக்காரரும் இவரும் ஒன்றா? எட்டு வருஷம்தான்.

நூறுகழித்தல்: எதற்கு இந்தச் சண்டை? நூறிலிருந்து வயதைக் கழியுங்கள், வருகிற சதவீதத்தைப் பங்கில் போடுங்கள், முடிந்தது.

கடைசிபெஞ்ச்: ஒன்று என்று நான் எங்கே சொன்னேன்? 32 வயதுக்காரர் கையில் ஒரு வருஷச் செலவு அளவுக்குத்தான் பணம் இருக்கும். வருஷா வருஷம் அரை வருஷச் செலவைச் சேமிக்கிறார் என்றால், 40 சதவீத வீழ்ச்சியை அடுத்த ஒரே வருஷச் சேமிப்பு அடைத்துவிடும், அதுவும் மலிவு விலையில் வாங்கி. அதே வேகத்தில் சேமிக்கும் 57 வயதுக்காரரிடம் 20 வருஷச் செலவு இருந்தால் எட்டு வருஷச் செலவு போய்விடும், அதைச் சேமித்தே ஈடுகட்ட 16 வருஷம் ஆகும். அதனால்தான் 55 வாக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விற்று ஐந்து வருஷச் செலவை வைப்புநிதிக்கு மாற்றச் சொல்கிறேன். சந்தை விழுந்தால் அதிலிருந்து சாப்பிடலாம், பங்கைத் தொட வேண்டாம். விழுந்த நேரத்தில் விற்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். 20 என்பது 12 ஆனால் பழைய நிலைக்கு வர 67 சதவீதம் ஏற வேண்டும், அதில் ஒரு வருஷச் செலவை எடுத்துவிட்டால் 82. நூறைக் கழிக்கிறவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்றே அந்தச் சூத்திரம் கேட்பதில்லை.

நூறுகழித்தல்: போன மாதம் தங்கம் பற்றிய இழையிலும் இப்படித்தான் எல்லாருக்கும் வாத்தியார் ஆனீர்கள்.

புதியவன்34: எனக்கு 34. வீட்டுக்கடன் இருக்கிறது. முதலில் அதை அடைக்கவா?

நிதானம்: ஐந்து வருஷத்தில் சந்தை எழாவிட்டால்? ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 கடைசியில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 ஆனது. அந்த 52 வயதுக்காரருக்கு உங்கள் வைப்புநிதி எந்த மூலைக்கு?

கடைசிபெஞ்ச்: ஒரே நாட்டில், அதுவும் உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்குத்தான் அந்தக் கணக்கு, ஈவுத்தொகையையும் அதில் சேர்க்கவில்லை. அதை விடுங்கள், 61 வயதில் அவருக்கு எத்தனை வருஷம் மிச்சம்? உங்கள் கணக்குப்படி பூஜ்யமா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நிதானம்: முதலில் ஜப்பானுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். எட்டு வருஷம்தான்.

புதியவன்34: கடன் வட்டி 9 சதவீதம். யாராவது சொல்லுங்களேன்.